கடலோரத் தொழிற்சாலை நிலத்தின் மண் ஆய்வறிக்கையில் திரவமாதல் சுருக்கத்தை எழுதுவதும் வாசிப்பதும்: வடிவமைப்புக் குழுவுக்கான வழிகாட்டி

நிலநடுக்கத்தில் நீர் நிறைந்த மணல் வலிமையிழந்து திரவம்போல் ஆவதே லிக்விஃபேக்ஷன் எனப்படும் மண் திரவமாதல். அதைப் பற்றி ஆய்வறிக்கைகளில் வரும் சுருக்கம் பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது: "3 மீட்டர் முதல் 7 மீட்டர் வரையிலான மணல் அடுக்கின் பாதுகாப்புக் காரணி 1-க்கு மேல் உள்ளது, திரவமாதலுக்கு வாய்ப்பில்லை." இந்த வரியை நம்பி அடித்தளத்தை வரையும் பொறியாளருக்கு, அந்த 1 எந்த நீர்மட்டத்துக்கானது, எந்த நிலநடுக்கத்துக்கானது, மணலில் குழாயை இறக்கிய சம்மட்டி எவ்வளவு ஆற்றலைக் கம்பிக்குக் கடத்தியது என்பவை தெரிவதில்லை. இவற்றில் ஒன்று மாறினாலும் விடை 1-க்கு மேலிருந்து கீழே விழக்கூடும் என்பதால், சுருக்கத்தை எப்படிக் கட்டுவது என்பதை ஒரே ஒரு சோதனைத் துளையின் கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன். கீழே வரும் நிலம் விளக்கத்துக்காக அமைத்துக்கொண்டது. எண்கள் கடலோரத்தில் வழக்கமாகக் கிடைக்கும் அளவுகளில் உள்ளவை.

நிலம்

தொழிற்சாலை வளாகத்தின் கிழக்கு எல்லையில் கப்பல்கள் வரும் கால்வாய் உள்ளது. மேற்பரப்பிலிருந்து 3 மீட்டர் வரை நிரப்பப்பட்டு ஓரளவு இறுக்கப்பட்ட மணல். அதன் கீழ் 7 மீட்டர் வரை தளர்வான நுண்மணல். பிறகு 11 மீட்டர் வரை மென்மையான வண்டல் களிமண். அதற்கும் கீழே அடர்ந்த மணல். வளாகத்தில் எட்டுத் துளைகள் இடப்பட்டன. தளர்வான நுண்மணல் கால்வாய்ப் பக்கத்து ஐந்து துளைகளில் மட்டுமே தென்பட்டது. வேனிற்காலத்தில் துளையிட்டபோது நிலத்தடி நீர் 3.0 மீட்டர் ஆழத்தில் இருந்தது. மழைக்காலத்திலும் உயர் ஓதத்திலும் அது 1.5 மீட்டர் வரை எழும் என்று கண்காணிப்புக் குழாய் காட்டியது.

எங்கள் கணக்கு 4.5 மீட்டர் ஆழத்தில் எடுத்த ஒரு தரநிலை ஊடுருவல் சோதனைக்கானது. அங்கே மணலில் குழாயை இறக்கத் தேவைப்பட்ட சம்மட்டி அடிகளின் எண்ணிக்கை, அதாவது N மதிப்பு, 12. மாதிரியில் நுண்துகள் 8 சதவீதம். வடிவமைப்பு நிலநடுக்கத்தின் அளவு 7.0, தரைப்பரப்பின் உச்ச முடுக்கம் 0.20 g.

முதல் படி: எந்த அடுக்கைக் கணக்கிடுவது

எல்லா மண்ணுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. நீருக்கடியில் இருக்கும் தளர்வான மணலும், நெகிழ்மை குறைந்த வண்டலும்தான் முதல் சந்தேகத்துக்கு உரியவை. நெகிழ்மைக் குறியீடு 12-க்குக் கீழேயும், இயற்கை ஈரப்பதம் திரவ எல்லையின் 85 சதவீதத்துக்கு மேலேயும் இருக்கும் நுண்மண்ணைச் சந்தேகப் பட்டியலில் வைக்கலாம். குறியீடு 18-ஐத் தாண்டினால் மணலைப் போலத் திரவமாகாது என்று கொள்ளலாம். இடைப்பட்டவற்றை ஆய்வகத்தில் சுழற்சிச் சோதனை செய்துதான் சொல்ல முடியும். நம் நிலத்தின் களிமண் அடுக்கின் குறியீடு 28 என்பதால் அதைப் பட்டியலிலிருந்து நீக்குகிறோம். ஆனால் நீக்கியதைச் சுருக்கத்தில் எழுதும்போது "பாதுகாப்பானது" என்ற சொல்லைப் பயன்படுத்தாதீர்கள். மென்மையான களிமண் நிலநடுக்கத்தில் வலிமையை இழக்கலாம். அது வேறொரு கணக்கு, வேறொரு தலைப்பு.

ஆழ எல்லையாகப் பொதுவாக 20 மீட்டர் எடுத்துக்கொள்ளப்படுகிறது. அதற்குக் கீழே தளர்வான மணல் கிடைத்தால் விட்டுவிடக் கூடாது. எளிய முறையின் சமன்பாடுகள் அங்கே நம்பகத்தன்மை குறைந்தவை என்று மட்டும் எழுதவேண்டும்.

இரண்டாம் படி: நிலநடுக்கம் மண்ணிடம் கேட்பது

1964-இல் நிகாட்டாவிலும் அலாஸ்காவிலும் ஏற்பட்ட சேதங்களுக்குப் பிறகு, 1971-இல் சீடும் இத்ரிஸ்ஸும் முன்வைத்த எளிய முறை இன்றும் சல்லடையாகப் பயன்படுகிறது. மண் தாங்கக்கூடிய விகிதமான CRR-ஐ, மண் எதிர்கொள்ளும் சுழற்சி அழுத்த விகிதமான CSR-ஆல் வகுத்தால் பாதுகாப்புக் காரணி FS கிடைக்கிறது.

```
CSR = 0.65 (amax/g) (σv/σ'v) rd
(N1)60 = N × CN × CE × CR × CB × CS
FS = (CRR7.5 / CSR) × MSF
```

முதல் சமன்பாட்டில் இரண்டு இடங்களில் தவறு நுழைகிறது. ஒன்று, amax என்பது இத்தளத்தின் தரைப்பரப்பில் எதிர்பார்க்கும் உச்ச முடுக்கம். பாறைக்கான எண்ணை அப்படியே போடுவதும், கட்டமைப்பு வடிவமைப்புக்காகக் குறைத்து எடுத்த குணகத்தைப் போடுவதும் நான் அடிக்கடி காணும் பிழைகள். இரண்டாவது பிழை கேட்பைப் பாதியாக்கிவிடும். நிலநடுக்க அளவும் அதே அபாய ஆய்விலிருந்து வந்திருக்கவேண்டும். ஓர் ஆய்விலிருந்து முடுக்கத்தையும் வேறொன்றிலிருந்து அளவையும் எடுத்துக் கலக்கக் கூடாது.

இரண்டாவது, நீர்மட்டம். கேட்பைக் கணக்கிட, கட்டடத்தின் ஆயுளில் எதிர்பார்க்கக்கூடிய உயர் நீர்மட்டமான 1.5 மீட்டரை எடுக்கிறோம். நீருக்கு மேல் மண்ணின் எடை கன மீட்டருக்கு 17 கிலோநியூட்டன், கீழே 19 என்று கொண்டால், 4.5 மீட்டரில் மொத்த அழுத்தம் σv 82.5 கிலோபாஸ்கல். நீரழுத்தம் 29.4 என்பதால், மண்துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏந்தும் பயனுறு அழுத்தம் σ'v 53.1. ஆழக் குறைப்புக் காரணி rd 0.97. ஆகவே CSR 0.195.

மூன்றாம் படி: மண் தாங்குவது

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பதிவான N மதிப்பைத் திருத்தும் CN என்ற காரணிக்கு, துளையிட்ட நாளின் பயனுறு அழுத்தம்தான் வேண்டும். ஏனெனில் அன்று குழாயை இறக்கியபோது மணலை அழுத்திப் பிடித்தது அன்றைய அழுத்தம். அன்று நீர் 3.0 மீட்டரில் இருந்ததால் அந்த அழுத்தம் 64.8 கிலோபாஸ்கல், CN 1.24. கம்பி நீளத்துக்கான CR 0.85. துளையின் விட்டத்துக்கான CB, மாதிரிக் குழாய்க்கான CS ஆகிய திருத்தங்கள் தேவையில்லை என்றும், சம்மட்டியின் ஆற்றல் 60 சதவீதம், அதாவது CE 1 என்றும் தற்காலிகமாகக் கொண்டால், (N1)60 12.7. நுண்துகளுக்கான சிறு திருத்தத்துக்குப் பிறகு அது 13.1 ஆகிறது.

சுத்த மணலுக்கான வளைகோட்டிலிருந்து, அளவு 7.5 நிலநடுக்கத்துக்கு CRR 0.142. நம் நிலநடுக்கம் 7.0 என்பதால் குலுக்கல் சுழற்சிகள் குறைவு. அதற்கான பெருக்கி MSF 1.19. ஆக, தாங்குதிறன் 0.169, பாதுகாப்புக் காரணி 0.87.

துளையிட்ட நாளின் நீர்மட்டத்தையே கேட்புக்கும் பயன்படுத்தியிருந்தால் CSR 0.154 ஆகக் குறைந்திருக்கும், காரணி 1.10 ஆக உயர்ந்திருக்கும். அதே மண், அதே N, அதே நிலநடுக்கம். துளையிட்ட மாதம் மட்டுமே வேறு. முதல் பத்தியில் சொன்ன "வாய்ப்பில்லை" என்ற வரி பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது. இதனால் சுருக்கத்தில் இரண்டு நீர்மட்டங்களையும், எது எதற்காக என்பதையும் எழுதாமல் விடக் கூடாது.

நான்காம் படி: சம்மட்டியைச் சந்தேகிப்பது

60 சதவீதம் என்று தற்காலிகமாக எடுத்த எண்ணுக்கு வருவோம். 63.5 கிலோ எடையை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிடுவதுதான் சோதனை என்றாலும், அந்த ஆற்றல் முழுவதும் கம்பியை அடைவதில்லை. கயிற்றை உருளையில் சுற்றிக் கையால் இழுத்துவிடும் முறையில் 45 சதவீதம் அளவுக்குக்கூட இறங்கலாம். தானியங்கிச் சம்மட்டியில் 70-ஐத் தாண்டலாம். ஆற்றல் குறைவாக இருந்தால் குழாய் மெதுவாக இறங்கும். அடி எண்ணிக்கை கூடும். மணல் உண்மையில் இருப்பதைவிட இறுக்கமாகத் தெரியும்.

நம் எடுத்துக்காட்டில் 45 சதவீதம் என்றால் காரணி 0.69, 60 என்றால் 0.87; 72 என்றால் 1.02. ஓர் ஆய்வறிக்கையில் ஆற்றல் அளவீடே இல்லையென்றால் 0.87 என்று இரண்டு தசமத்தில் எழுதுவது வாசகரை ஏமாற்றும் துல்லியம். வீச்சாக எழுதுங்கள், இயன்றால் அளவிடச் சொல்லுங்கள். கம்பியில் உணரிகளைப் பொருத்தி ஆற்றலை அளக்கும் வேலை, பின்னால் ஏற்படும் தரை மேம்பாட்டுச் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

N மதிப்பு தாழ்ந்து பொய் சொல்லும் வழியும் ஒன்று உண்டு. துளைக்குள் நீர்மட்டம் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கினால், அடியிலிருந்து நீர் மேலே பாய்ந்து மணலைக் கிளறிவிடும். குழாயை உருவும்போது துளைக்கடியில் மணல் ஏறியிருப்பதும், பக்கத்துத் துளைகளில் 12, 14 என்று வரும் ஆழத்தில் இங்கே மட்டும் 3 என்று வருவதும் அதன் அறிகுறிகள். துளையாளரின் கள ஏட்டில் இது எழுதப்பட்டிருக்கும். தட்டச்சான பதிவில் பெரும்பாலும் இருக்காது. எனவே கள ஏட்டைக் கேட்டுப் பெறுங்கள்.

கடலோரத்துக்கே உரிய இன்னொன்று: கிளிஞ்சல் துணுக்குகள் கலந்த மணல். அத்துணுக்குகள் அடியில் நொறுங்குவதால் N குறைந்து வரக்கூடும். வளைகோடுகள் குவார்ட்ஸ் மணலின் அனுபவத்திலிருந்து வரையப்பட்டவை. கிளிஞ்சல் மிகுந்த மணலுக்கு அவற்றை நேரடியாகப் பொருத்துவது பொருத்தமான சல்லடை ஆகாது. மாதிரியில் சற்று அமிலத்தை விட்டால் நுரைக்கிறதா என்று பார்ப்பதே போதுமான முதல் சோதனை.

ஐந்தாம் படி: துளைகளை ஒன்றுசேர்ப்பது

எட்டுத் துளைகளின் N மதிப்புகளைச் சராசரியாக்கி ஒரே காரணியைத் தருவது மிக எளிது, மிகத் தவறும்கூட. மேற்குப் பக்கத்தின் இறுக்கமான மணல் கிழக்குப் பக்கத்தின் தளர்வை மறைத்துவிடும். ஒவ்வொரு துளைக்கும் ஆழத்துக்கு ஆழம் தனியே கணக்கிட்டு, பிறகு வளாக வரைபடத்தில் இரண்டு மண்டலங்களாகப் பிரிக்கவேண்டும். நம் நிலத்தில், மேல் 3 மீட்டரில் காரணி 2-க்கு மேல். கிழக்கு மண்டலத்தில் 3 முதல் 7 மீட்டர் வரை 1-க்குக் கீழே அல்லது அதன் அருகில். மேற்கு மண்டலத்தில் அந்த அடுக்கே இல்லை.

சோதனைகள் 1.5 மீட்டர் இடைவெளியில் எடுக்கப்பட்டிருந்தால், நடுவில் ஒரு மெல்லிய தளர்வான படலம் தப்பிவிடலாம். கிழக்கு மண்டலத்தில் மூன்று இடங்களில் கூம்பு ஊடுருவல் சோதனை எடுத்தால் தொடர்ச்சியான பதிவு கிடைப்பதோடு, சம்மட்டி பற்றிய ஐயத்தையும் தவிர்க்கலாம்.

காரணி எவ்வளவு இருந்தால் போதும் என்பதற்கு, 1 என்பதைக் கோடாகக் கொள்ளாமல், 1.0 முதல் 1.3 வரையிலான பகுதியை "மேலும் ஆய்வு தேவை" என்று நான் எழுதுவது வழக்கம்; அப்பகுதியில் மண் முழுதாகத் திரவமாகாவிட்டாலும் துளைநீர் அழுத்தம் ஏறி விறைப்பு குறையும்.

ஆறாம் படி: காரணியை விளைவாக மாற்றுவது

வடிவமைப்புப் பொறியாளர் கேட்பது 0.87 என்ற எண்ணை அன்று. தொட்டி எவ்வளவு இறங்கும், பைல் எவ்வளவு சுமையை இழக்கும் என்பதைத்தான். திருத்தப்பட்ட N 13 அளவில் இருக்கும் மணல் திரவமாகி நீர் வெளியேறிய பிறகு, அதன் கனவளவு ஏறக்குறைய 2 முதல் 2.5 சதவீதம் சுருங்கும். 4 மீட்டர் தடிமனுக்கு அது 8 முதல் 10 சென்டிமீட்டர் அமிழ்வு. இந்த மதிப்பீடு ஒரு மடங்கு கூடவோ பாதியாகவோ போகலாம் என்பதைச் சேர்த்தே எழுதவேண்டும். மேலும், இது மேலே எதுவும் கட்டப்படாத நிலத்துக்கான அமிழ்வு. கட்டடத்தின் எடையால் மண் பக்கவாட்டில் பிதுங்குவதும், மணல் மேற்பரப்புக்குப் பீறிட்டு வெளியேறுவதும் இதில் அடங்கவில்லை.

சேமிப்புத் தொட்டிக்கு முழு அமிழ்வைவிட வேறுபட்ட அமிழ்வே கேடு. துளைகளுக்கு இடையில் மண் எப்படி மாறுகிறது என்று தெரியாதவரை, முழு அமிழ்வில் பாதிக்குக் குறையாத அளவை வேறுபாடாக எடுத்துக்கொள்வது நியாயமானது. மண்டல எல்லை தொட்டிக்கு நடுவே சென்றால் பாதி என்பதும் போதாது; தொட்டியை நகர்த்தச் சொல்வதே மலிவான தீர்வாக இருக்கலாம்.

பைல்களில் இரண்டு தனி விளைவுகள் உள்ளன. குலுக்கத்தின்போது திரவமான அடுக்கில் பக்கவாட்டுத் தாங்கலும் உராய்வும் ஏறக்குறைய இல்லாமல் போகும். குலுக்கம் நின்றபின் அந்த அடுக்கு இறங்கும்போது, அதன்மேல் உள்ள 3 மீட்டர் நிரப்பும் சேர்ந்து இறங்கி, பைலைக் கீழ்நோக்கி இழுக்கும். பைல் முனை திரவமாகாத அடர்ந்த மணலில் ஊன்றியிருக்கிறதா என்பதைச் சுருக்கமே சொல்லவேண்டும். 2001-இல் குஜராத் நிலநடுக்கத்தில் காண்ட்லா துறைமுகத்தின் சுங்கக் கோபுரம் சாய்ந்தது. அது 18 மீட்டர் நீளமுள்ள 32 பைல்களின்மேல் நின்றது. பைல்கள் மேல் களிமண்ணைத் தாண்டியிருந்தாலும், அவற்றின் முனைகள் நின்ற மணல் திரவமாகியது.

கால்வாய் இருப்பதால் பக்கவாட்டு நகர்வையும் தனியே எழுதவேண்டும். திரவமான அடுக்கின்மேல் உள்ள நிலம் கால்வாயை நோக்கி வழுக்கிச் செல்லும். கரைக்கு அருகே மிகுதியாகவும் உள்ளே குறைவாகவும். 1995-இல் கோபேயில் துறைமுகச் சுவர்கள் கடல் நோக்கிப் பல மீட்டர் நகர்ந்தன. அங்கே நிரப்பியது கூழாங்கல் கலந்த மண் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது: கல் கலந்திருந்தால் திரவமாகாது என்ற பழைய நம்பிக்கை அன்று உடைந்தது. குழாய்த் தாங்கிகளைக் கரையிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது என்பதற்கு எளிய முறை விடை தராது; கரையின் உயரம், தொலைவு, தளர்வான அடுக்கின் தடிமன் ஆகியவற்றை வைத்துத் தனி மதிப்பீடு செய்ய வேண்டும் என்று சுருக்கம் வெளிப்படையாகக் கேட்கவேண்டும்.

ஏழாம் படி: எழுதுவது

மேற்கண்ட நிலத்துக்கு நான் எழுதக்கூடிய சுருக்கம் இது:

> அளவு 7.0, தரைப்பரப்பு முடுக்கம் 0.20 g, வடிவமைப்பு நீர்மட்டம் 1.5 மீ ஆகியவற்றுக்கு, கிழக்கு மண்டலத்தில் 3 முதல் 7 மீ வரையிலான நுண்மணல் திரவமாகும் என்று கொள்ளவேண்டும். 4.5 மீட்டரில் பாதுகாப்புக் காரணி 0.87; சம்மட்டி ஆற்றல் அளக்கப்படாததால் அது 0.69 முதல் 1.02 வரை இருக்கலாம். N மதிப்புகள் துளையிட்ட நாளின் 3.0 மீ நீர்மட்டத்துக்குத் திருத்தப்பட்டன. மேற்கு மண்டலத்தில் இவ்வடுக்கு இல்லை. கட்டடம் இல்லாத நிலத்தில் எதிர்பார்க்கும் அமிழ்வு 8 முதல் 10 செ.மீ, உண்மை அளவு இதன் பாதி முதல் இரு மடங்கு வரை அமையலாம். பைல் முனைகள் 11 மீட்டருக்குக் கீழுள்ள அடர்ந்த மணலில் ஊன்றவேண்டும். கீழ்நோக்கு இழுவை சேர்க்கப்படவேண்டும். கால்வாய் நோக்கிய நகர்வு மதிப்பிடப்படவில்லை. விரிவான வடிவமைப்புக்கு முன் அது தேவை. கிழக்கு மண்டலத்தில் மூன்று கூம்புச் சோதனைகளும் சம்மட்டி ஆற்றல் அளவீடும் பரிந்துரைக்கப்படுகின்றன.

இதில் "மதிப்பிடப்படவில்லை" என்ற சொல்லை நீக்கச் சொல்லி நிர்வாகத்திடமிருந்து வேண்டுகோள் வரும். நீக்காதீர்கள். எழுதாமல் விட்ட இடத்தை வாசிப்பவர் "பிரச்சினை இல்லை" என்றே நிரப்பிக்கொள்வார்.

தரைமட்டம் மாறினால்

சுருக்கம் வெளியான பிறகு வழக்கமாக ஒரு கேள்வி வரும்: வெள்ளத்துக்காக வளாகத்தை 1 மீட்டர் உயர்த்துகிறோமே, அந்த எடை மணலை அழுத்திப் பிடிக்காதா? ஓரளவுக்குப் பிடிக்கும். அதே சோதனைப் புள்ளி இப்போது 5.5 மீட்டர் ஆழத்தில் இருக்கும். மொத்த அழுத்தம் 99.5, பயனுறு அழுத்தம் 70.1; CSR 0.177. மணலின் தாங்குதிறனை மாற்றாமல் விட்டால் காரணி 0.87-லிருந்து 0.96 ஆகிறது. முன்னேற்றம்தான், ஆனால் முடிவை மாற்றுவதில்லை; அதே நிரப்பு கீழேயுள்ள மென்மையான களிமண்ணை ஆண்டுக்கணக்கில் அமிழ வைத்து, நிலநடுக்கம் வருவதற்கு முன்பே பைல்களைக் கீழே இழுக்கத் தொடங்கும். நிரப்பின் தடிமன் உறுதியானதும் சுருக்கத்தின் கணக்கை மறுபடி போட்டு, பழைய பதிப்பை ரத்து செய்து, புதிய தேதியோடு வெளியிடவேண்டும்.